30×40 சைட்டில் செப்டிக் டேங்கும் சோக் பிட்டும்: மேஸ்திரி சொல்லும் ரிங் கணக்கு ஏன் போதாது

கேள்வி: பெங்களூரில் சந்தாபுரா தாண்டி 30×40 சைட்டில் வீடு கட்டுகிறோம். பாதாள சாக்கடை இணைப்பு கிடையாது. நாங்கள் 6 பேர். 6 அடி அகலத்தில் 12 அடி ஆழம் ரிங் இறக்கினால் போதும், டேங்க் எல்லாம் தேவையில்லை என்று மேஸ்திரி சொல்கிறார். போர்வெல்லும் போடப் போகிறோம். டேங்க் எவ்வளவு, சோக் பிட் எவ்வளவு வைக்க வேண்டும்?

பதில்:

மேஸ்திரி சொல்லும் குழி அளவில் சின்னது இல்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. டாய்லெட் கழிவு நேராக மண்ணில் இறங்கும்போது அதில் உள்ள திடப்பொருள் முழுவதும் குழிச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். முதல் வருஷம் பிரமாதமாக ஓடும், இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் அடைத்துக்கொள்ளும். டேங்கின் வேலை கசடைப் பிடித்து வைப்பது, குழியின் வேலை தெளிந்த தண்ணீரை மண்ணுக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் கணக்கு தனித்தனி. டேங்கின் அளவை ஆள் எண்ணிக்கை தீர்மானிக்கும், குழியின் அளவை உங்கள் சைட்டின் மண் தீர்மானிக்கும். அந்த மண்ணைச் சோதிக்காமல் யார் எத்தனை ரிங் சொன்னாலும் அது ஊகம்தான்.

முதலில் டேங்க். இப்போது 6 பேர், ஆனால் விருந்தாளிகளும் நாளைக்கு மாடியும் உண்டு என்பதால் 8 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாய்லெட் தண்ணீர் மட்டும் டேங்குக்குப் போகட்டும். குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர், சமையலறைத் தண்ணீர் வேண்டாம். காரணம் எளிது: டேங்குக்குள் தண்ணீர் அசையாமல் நின்றால்தான் கசடு அடியில் படியும். வாஷிங் மெஷின் ஒரே மூச்சில் வெளியேற்றும் தண்ணீர் உள்ளே பாய்ந்தால் படிந்த கசடு கலங்கி, அடுத்த பைப் வழியாகக் குழிக்குப் போய்விடும்.

ஆளுக்கு நாளுக்கு 40 லிட்டர் ஃபிளஷ் என்றால் 8 பேருக்கு 320 லிட்டர். அது இரண்டு நாளாவது உள்ளே நிற்க இடம் வேண்டும், அதாவது 640 லிட்டர். மீதி இடம் கசடுக்கு. ஆளுக்கு வருஷத்துக்கு 75 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். இது கொஞ்சம் தாராளமான அளவு, நாள்பட்ட கசடு இறுகிக் குறைந்துவிடும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கசடு உறிஞ்சும் லாரி கூப்பிடுவதாக வைத்தால் 8 × 75 × 3, அதாவது 1800 லிட்டர். இரண்டும் சேர்ந்து 2440 லிட்டர்.

ஐ.எஸ். 2470 தரவிதியின்படி நம் ஊரில் வழங்கும் அட்டவணையில் 10 பேருக்கு, மூன்று வருஷ இடைவெளிக்கு, நீளம் 2 மீட்டர், அகலம் 0.9 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.4 மீட்டர். பெருக்கினால் 2520 லிட்டர். நம் கணக்கோடு ஒட்டி வருகிறது, அதனால் அதையே வைத்துக்கொள்ளலாம். அடியில் சொன்னால் உள்ளளவு ஆறரைக்கு மூன்று, தண்ணீர் நாலரை அடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு மேலே ஒரு அடி காலியிடம் விட்டு மூடி. ஆழத்தை மட்டும் கூட்டிக் குறுகலாகக் கட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீளவாக்கில் இருந்தால்தான் கசடு படிய நேரம் கிடைக்கும்.

2000 லிட்டரைத் தாண்டினால் நடுவில் சுவர் வைத்து இரண்டு அறையாகக் கட்ட வேண்டும். முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, உங்களுக்கு அது 1.35 மீட்டர் வாக்கில் வரும். சுவரின் துளை தண்ணீர் மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கட்டும். வெளியேறும் பைப், உள்ளே வரும் பைப்பைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும்.

பைப் உள்ளே வரும் முனை, வெளியேறும் முனை இரண்டிலும் T வடிவ டீ பைப் கட்டாயம். 100 ரூபாய் சாமானை விட்டுவிட்டு 30,000 ரூபாய் குழியைக் கெடுத்த வீட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஹோசா ரோடு பக்கம், வீடு குடியேறி 14 மாதம். ஃபிளஷ் செய்தால் 'குளுக் குளுக்' என்று சத்தம் வந்து தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று கூப்பிட்டார்கள். டேங்க் மூடியைத் திறந்தோம். தண்ணீருக்கு மேலே கையகலத் தடிமனில் ஒரு படலம் மிதந்தது, வெளியே போகும் பைப்பின் வாயில் அதே படலம் ஒட்டிக் காய்ந்திருந்தது. டீ வைக்காமல் பைப்பை வெறுமனே சுவரில் செருகியிருந்தார்கள். மேலே மிதப்பதெல்லாம் நேரே குழிக்குப் போயிருக்கிறது. குழியின் ஜல்லியைக் கையுறை போட்டு ஒரு பிடி எடுத்தபோது, அது கரிய எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குழியைக் கழுவிச் சரிசெய்ய வழியில்லை. வேறு இடத்தில் புதிதாகத்தான் தோண்டினோம். உள்வரும் டீயின் கால் தண்ணீருக்குள் 30 செ.மீ., வெளியேறும் டீயின் கால் 45 செ.மீ. அளவுக்கு இறங்கி நிற்கட்டும். மூடி போடும் முன் நீங்களே எட்டிப் பார்த்துவிடுங்கள்.

டேங்க் கட்டி முடித்து உள்ளே பூசியதும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கினால் கசிகிறது என்று அர்த்தம். போர்வெல் பக்கத்தில் இருக்கும் சைட்டில் இதைத் தவறவிட முடியாது.

சரி, இப்போது குழி. இங்கேதான் மண் சோதனை. பெங்களூரின் புறப்பகுதிகளில் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு லேஅவுட்டில் மேடான பக்கம் சரளை கலந்த சிவப்பு மண்ணாக இருக்கும், நாலு தெரு தள்ளிப் பழைய ஏரிப் படுகை ஒட்டிய இடத்தில் களிமண் நிற்கும். பக்கத்து வீட்டில் வேலை செய்கிறது என்பது உங்களுக்குச் சாட்சி ஆகாது.

குழி வரப்போகும் இடத்தில் ஐந்து அடி தோண்டச் சொல்லுங்கள். அதன் தரையில் ஒரு அடி அகலத்துக்குச் சின்னதாக இன்னொரு துளை, செங்குத்தான சுவரோடு. மண்வெட்டி வழவழப்பாக்கிய சுவரைக் கம்பியால் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 5 செ.மீ. பருமணல் போடுங்கள். மணலுக்கு மேல் 30 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். இந்த ஊறலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண் முதல் குடத்தைக் குடித்துவிடும், அதைப் பார்த்து நல்ல மண் என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் மணலுக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை எத்தனை மி.மீ. இறங்கியது என்று ஸ்கேல் வைத்து அளந்து, திரும்ப நிரப்பி, நாலு மணி நேரம் தொடருங்கள். கடைசி அரை மணியின் அளவுதான் கணக்கு.

போன வருஷம் உங்கள் பக்கத்து ஏரியாவில் நான் எடுத்த ஒரு அளவு: முதல் அரை மணியில் 95 மி.மீ. இறங்கியது. பிறகு 70, 62, 55, 52, கடைசி மூன்று முறையும் 50. முதல் எண்ணை வைத்துக் கட்டியிருந்தால் மண் உறிஞ்சும் வேகத்தைக் கிட்டத்தட்ட இருமடங்காக நம்பியிருப்போம். 30 நிமிடத்தில் 50 மி.மீ. என்றால் 25 மி.மீ. இறங்க 15 நிமிடம். இந்த 15-தான் t. ஒரு சதுர மீட்டர் குழிச் சுவர் நாளுக்கு எத்தனை லிட்டர் ஏற்கும் என்பதற்கு:

```
Q = 204 / √t
204 / √15 = 52.7
```

நாளுக்குச் சதுர மீட்டருக்கு 52 லிட்டர். இந்த எண் மிகக் குறைவாகத் தோன்றும். சோதனையில் பார்த்த வேகம் மணிக்கு 100 மி.மீ., அதாவது நாளுக்கு 2400 லிட்டர். அதில் 45-இல் ஒரு பங்கைத்தான் நம்புகிறோம். ஏன் என்றால் சோதனையில் ஊற்றியது நல்ல தண்ணீர். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணுயிர்களும் அவற்றுக்கு உணவும் நிறைய. சில மாதங்களில் குழிச் சுவர் முழுக்க ஒரு கரும் வழவழப்புப் படலம் வளர்ந்துவிடும். அதன்பிறகு அந்தப் படலம் விடும் அளவுதான் மண்ணுக்குப் போகும். அது கெடுதல் மட்டும் அல்ல, கிருமிகளை ஓரளவு வடிகட்டுவதும் அதுதான். அந்தப் படலம் வந்த பிறகும் தாங்க வேண்டும் என்பதற்கே இவ்வளவு பெரிய சுவர்.

உங்கள் 320 லிட்டரை 52.7-ஆல் வகுத்தால் 6.1 சதுர மீட்டர் சுவர் தேவை. அடித்தரையைக் கணக்கில் எடுப்பதில்லை, அது சீக்கிரம் மூடிக்கொள்ளும். 1.5 மீட்டர் அகலத்துக்குத் தோண்டினால் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுற்றுச்சுவர் 4.7 சதுர மீட்டர். அப்படியானால் 1.3 மீட்டர் பயன்படும் ஆழம் போதும். பயன்படும் ஆழம் என்பது தரையிலிருந்து அல்ல, பைப் நுழையும் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழிருந்து. பைப் தரைக்கு 75 செ.மீ. கீழே வந்தால் மொத்தம் 2.2 மீட்டர், ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல். ஐந்து அடி அகலம், ஏழு அடி ஆழம். உங்கள் மேஸ்திரி சொன்ன 12 அடி தேவையே இல்லை.

நாலு அடி ரிங் இறக்கி, ரிங்குக்கும் மண்ணுக்கும் நடுவில் கிடைக்கும் இடத்தில் சுத்தமான ஜல்லி நிரப்புங்கள். ரிங்கின் பக்கங்களில் துளை இருக்க வேண்டும், மூட்டுகளில் சிமென்ட் பூசக்கூடாது. பைப்புக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் பூச்சு. உள்ளே உடைகல் போட்டு நிரப்புவது வழக்கமாக இருக்கிறது. ரிங் வைத்திருந்தால் அது வேண்டியதில்லை, அது பிடிப்பது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை.

சோதனையில் t என்பது 30-ஐத் தாண்டினால், அதாவது கடைசி அரை மணியில் 25 மி.மீ. கூட இறங்கவில்லை என்றால், அந்த மண்ணில் சோக் பிட் கட்டாதீர்கள். பெரிதாக்கினாலும் பயன் இல்லை. t 60 வரை இருந்தால் அகலம் குறைந்த, ஆழம் குறைந்த நீளக் கால்வாயாக ஜல்லி போட்டுப் பரப்பலாம், ஆனால் 30×40 சைட்டில் அதற்கு இடம் வராது. அப்போது சின்ன சுத்திகரிப்பு அமைப்பு வைத்து, வரும் தண்ணீரைச் செடிக்கும் ஃபிளஷுக்கும் திருப்புவதுதான் வழி. கழிவை வெளியே விடாத மூடிய டேங்க் கட்டி லாரிக்குக் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். நாளுக்கு 320 லிட்டர் என்றால் 6000 லிட்டர் டேங்க் 19 நாளில் நிரம்பும். மாதம் ஒன்றரை லாரி, அது உங்கள் செலவுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியல், துணி, சமையல் தண்ணீரை மறந்துவிடக் கூடாது. ஆளுக்கு மொத்தம் 135 லிட்டர் என்பது வழக்கக் கணக்கு. அதில் 40 போனால் 95, 8 பேருக்கு 760 லிட்டர். இதே மண்ணில் இதற்கு 14.4 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட டாய்லெட் குழி அளவிலேயே இன்னும் இரண்டு குழி, ஒவ்வொன்றும் ஒரு சாண் கூடுதல் ஆழத்தோடு. எல்லாத் தண்ணீரையும் ஒரே குழியில் விடும் வீடுகள் ஏன் மூழ்குகின்றன என்பது இந்த எண்ணிலேயே தெரியும். தனிக்குழி வைத்தால் குளியல் தண்ணீர் குழி நிரம்பினாலும் டாய்லெட் வேலை செய்துகொண்டிருக்கும். சமையலறைத் தண்ணீர் அந்தக் குழிக்குப் போகும் முன் எண்ணெய் பிடிக்கும் சின்னச் சேம்பர் ஒன்று வேண்டும், வாரம் ஒரு முறை வழித்தெடுக்க. டேங்கர் தண்ணீரில் வாழும் வீடுகளில் 135 ஆவதில்லை. ஒரு மாதம் எத்தனை டேங்கர் வாங்கினீர்கள் என்று இப்போது இருக்கும் வீட்டில் எண்ணிப் பாருங்கள், அதுதான் உங்கள் உண்மையான எண்.

இனி கஷ்டமான பகுதி. குடிநீர்க் கிணற்றிலிருந்து சோக் பிட் 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தரவிதி. உங்கள் சைட் 30 அடி, 40 அடி. மூலைக்கு மூலை 50 அடி, அதாவது 15.2 மீட்டர். எந்த மூலையில் வைத்தாலும் உங்கள் சைட்டுக்குள்ளேயே அந்த 18 வராது. பக்கத்து வீட்டு போர்வெல்லும் கணக்கில் உண்டு, அவர்கள் சுவரோரம் போட்டிருந்தால் உங்கள் குழி அவர்களுக்கு ஆறேழு அடியில் வந்துவிடும். மேல் மண்ணுக்குக் கீழே நமக்கு விரிசல் விட்ட கருங்கல் பாறைதான். மண் வடிகட்டும், விரிசல் வடிகட்டாது. அதனால் 12 அடி ஆழக் குழியை நான் எதிர்க்கிறேன். அது சிதைந்த பாறை வரை போய்விட்டால் கழிவுத் தண்ணீர் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரைத் தொடும். குழியின் அடிக்கும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நிற்கும் மட்டத்துக்கும் நடுவில் 2 மீட்டராவது மண் இருக்க வேண்டும். அக்டோபர் மாதம் அக்கம்பக்கத்தில் தோண்டிய அஸ்திவாரக் குழிகளில் தண்ணீர் ஊறி நின்றதா என்று கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

என் யோசனை இது. சாலைப் பக்கம் ஒரு மூலையில் சம்ப், அதை ஒட்டி போர்வெல். அதற்கு நேர் எதிர் பின்மூலையில் டாய்லெட் குழி. டேங்க் பக்கவாட்டில், லாரியின் ஹோஸ் எட்டும்படி. குழியின் அடி அஸ்திவாரத்தைவிட எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது அஸ்திவார விளிம்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். தரவிதி வீட்டிலிருந்து 6 மீட்டர் கேட்கும், இந்த சைட்டில் அது நடக்காது என்பதால் கட்டடப் பொறியாளரிடம் அந்த மூலை அஸ்திவாரத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். போர்வெல் போடும்போது கேஸிங் பைப்பை நல்ல பாறைக்குள் இறக்கி, பைப்பைச் சுற்றி உள்ள இடைவெளியில் சிமென்ட் கரைசல் ஊற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதைச் செய்யாமல் மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், மேல்தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் நேரே இறங்கும். இவ்வளவு செய்தாலும் அந்த போர்வெல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். வருஷம் ஒரு முறை அதில் நைட்ரேட்டும் ஈ. கோலை கிருமியும் இருக்கிறதா என்று சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமைத் தாண்டினால் கழிவு வந்து சேர்கிறதா என்று முதலில் சந்தேகியுங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது.

இன்னொன்று. பெங்களூரில் 30×40 சைட்டில் புது வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதற்கும் ஒரு குழி தோண்டுவீர்கள். மேஸ்திரி சௌகரியத்துக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவார். மழைநீர்க் குழி நிறைந்தால் சுற்று மண் ஊறி, சோக் பிட் மழைக்காலம் முழுக்க வடியாது. மாடித் தண்ணீர்ப் பைப் எதுவும் டேங்கிலோ டாய்லெட் குழியிலோ சேராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியேறிய பிறகு வருஷம் ஒரு முறை டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வெளியேறும் பைப்பின் அடிமட்டத்திலேயே நின்றால் குழி நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் ஏறி நின்றால் குழி குடிக்கவில்லை. அப்போது லாரி வைத்து டேங்கைக் காலி செய்தால் ஒரு வாரம் நிம்மதி கிடைக்கும், டேங்க் நிரம்பியதும் அதே நிலை. நோய் குழியில், மருந்து டேங்குக்கு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். கசடைப் பார்க்க, நீளமான குச்சியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, டீ பைப்புக்குப் பக்கத்தில் அடி வரை இறக்கிச் சில நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் கருப்பாகப் படிந்த உயரம்தான் கசடின் உயரம். கசடும் மேல் படலமும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் பாதியை, உங்களுக்கு 70 செ.மீ.யை, எட்டினால் லாரியைக் கூப்பிடுங்கள். ஹோஸ் மட்டும்தான் டேங்குக்குள் இறங்க வேண்டும். அடைப்பு எடுக்க ஒரு நிமிடம் உள்ளே இறங்குகிறேன் என்று லாரிக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றமும் கூட. இரண்டு அறைக்கும் தனித்தனியாக ஹோஸ் நுழையும் அகலத்தில் மூடி வைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. அதை இப்போதே ஸ்லாப் போடும் முன் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.